ஐம்பத்தைந்து குரோமோசோம்கள்

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கல்யாணமாகி ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒரு இரும்பு மில்லில் வேலை. எனக்குச் சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் அவர் சைக்கிளில் கிழக்கே போவார், நான் ஓடிப்போய் மின்சார ரயிலில் ஏறித் தெற்கே போவேன். அந்த வயதில் எல்லாமே ஓட்டம்தான். ரயிலைப் பிடித்தால் சிரிப்பு வரும், தவறவிட்டாலும் சிரிப்பு வரும்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "குரோமோசோம் எண்ணுற வேலை" என்பேன். கேட்டவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். உண்மையில் வேலை அதுதான். ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை எங்களிடம் வரும். அதிலிருக்கும் செல்களை ஒரு நாள் வளர்த்து, அவை இரண்டாகப் பிரியப்போகும் நேரம் பார்த்து மருந்து போட்டு நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பிரியப்போகும் செல்லில் மட்டும்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். கெட்டுப்போன செல்களில் சில சமயம் எண்ணிக்கை கூடியிருக்கும், சில சமயம் குறைந்திருக்கும். சில சமயம் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் இந்த நோயாளிக்குச் சாதாரண மருந்தே போதுமா, கடுமையாகக் கொடுக்க வேண்டுமா என்று மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். ஒரே பெயருள்ள நோய், ஆனால் ஒருவருக்கு வந்தது போல இன்னொருவருக்கு வராது. அந்த வித்தியாசம் குரோமோசோமில் எழுதியிருக்கும்.

நான் சொல்ல வந்தது பழவேற்காட்டுப் பாப்பாவைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை. ஒரு மணிக்குக் கூடத்தை மூட வேண்டும். நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அந்த நேரத்தில் ஒருவர் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, வியர்வையில் ஒட்டிய சட்டை. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

"மீன் வேணாங்க" என்றேன்.

"மீன் இல்ல மேடம். எம் பொண்ணு ரத்தம்."

அந்தக் காலத்தில் மருத்துவமனைகளில் மாதிரியை நோயாளியின் வீட்டார் கையில்தான் கொடுத்தனுப்புவார்கள். குழந்தைகள் மருத்துவமனையில் காலையில் அவருடைய நாலு வயதுப் பெண்ணுக்கு மஜ்ஜை எடுத்திருக்கிறார்கள். சின்னக் குழாயைக் கையில் கொடுத்து, "சீக்கிரம் கொண்டுபோங்க, கெட்டுடப் போவுது" என்று சொல்லியிருக்கிறார்கள். கெட்டுவிடும் என்ற சொல் ஒரு மீனவரின் காதில் எப்படி விழும்? அவர் நேராக ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போயிருக்கிறார். தெரிந்தவரிடம் பெட்டி வாங்கி, உடைத்த ஐஸைக் கொட்டி, குளிர் இன்னும் ஏறட்டும் என்று இரண்டு கை உப்பும் போட்டு, நடுவில் குழாயைப் புதைத்து, மூன்று மணி நேரம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினேன். விரல் மரத்துப்போனது. குழாய் கிடைத்தது. கவிழ்த்தேன். உள்ளே இருந்தது அசையவில்லை. குல்ஃபி மாதிரி உறைந்து நின்றது.

"எப்டி கீது மேடம்? ஃப்ரெஷ்ஷா கீதா?" என்று ஆவலாகக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உறைந்த செல் உருகும்போது உடைந்துவிடும். எங்களுக்கு உயிரோடு பிரிகிற செல் வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர்தான். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யார் உப்பு போட்டது?"

"நான்தான் டாக்டரம்மா. எறாலுக்கு அப்டித்தான் போடுவோம்."

டாக்டரம்மாவின் வாயோரம் ஏதோ துடித்தது. அதை அடக்கிக்கொண்டு, "இது ஆகாதுப்பா, திரும்ப எடுக்கணும்" என்றார்.

அந்த மனிதரின் முகம் அப்படியே இடிந்துபோனது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தபா குத்துவாங்களா? கொய்ந்த கத்துச்சு மேடம். நான் பண்ண வேலையால இன்னொரு தபாவா?"

குழந்தையின் வார்டுக்குப் போன் போட்டேன். மருத்துவர் திங்கட்கிழமை காலையில் மருந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார். மருந்து உள்ளே போய்விட்டால் கெட்ட செல்கள் கரைய ஆரம்பித்துவிடும், பிறகு எண்ணுவதற்கு எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. திங்கள் காலை மருந்துக்கு முன்னால் மறுபடியும் எடுக்க வேண்டும், அதுவும் ஒழுங்காக வந்து சேர வேண்டும். நான் யோசிக்கவேயில்லை. "நானே வந்து வாங்கிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் கிளம்பி எட்டு மணிக்கு வார்டில் இருந்தேன். செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும் திரவம் கொஞ்சம் ஒரு குழாயில் கொண்டுபோயிருந்தேன். அது ரோஸ் நிறத்தில் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்திருந்த பாப்பா அதைத்தான் பார்த்தாள். வெளிறிய முகம், கைகளில் நீலத் தழும்புகள், ஆனால் கண் இரண்டும் குழாயிலேயே.

"அக்கா, ரோஸ் மில்க்கா?"

"இல்லடா கண்ணு. இது உன் ரத்தத்துக்கு."

"என் ரத்தத்துக்கு மட்டும் ரோஸ் மில்க்கு, எனக்கு கிடையாதா?" என்றவள் தகப்பனிடம் திரும்பி, "நைனா, எனக்கும் வோணும்" என்றாள்.

அவளுடைய அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வார்டில் பார்த்த முதல் சிரிப்பு அது. மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். கால் மணி நேரத்தில் மஜ்ஜை கலந்த குழாய் என் கைக்கு வந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். அந்த மனிதர் எனக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து வழி விலக்கிக்கொண்டு போனார்.

"தள்ளு தள்ளு, உயிருள்ள சாமான் வருது, தள்ளுப்பா!"

வெளிநோயாளி வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். நான் ஏதோ பாம்பைக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஆட்டோவிலும் கூடவே ஏறிக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவர் தோளைத் தட்டி "மெதுவா நைனா, மெதுவா" என்றார். கூடத்து வாசலில் இறங்கும்போது, "இந்த தபா நான் ஒண்ணியும் தொடல, பாத்த இல்ல?" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

அன்று சாயந்திரம் ரயிலிலும் அவரைப் பார்த்தேன். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் எங்கள் இருவருக்கும் ஒரே ரயில். மாற்றுத்துணி எடுத்து வரப் போகிறாராம். எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். மேடம் போய்த் தங்கச்சி ஆகியிருந்தேன்.

"தங்கச்சி, நீ அதுல இன்னா பாப்ப? தெரியாமதான் கேக்கறேன்."

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் நாப்பத்தாறு குரோமோசோம் இருக்கும்ணா. ஜோடி ஜோடியா இருபத்திமூணு ஜோடி. வியாதி வந்த செல்லுல அது மாறியிருக்கும். எப்டி மாறியிருக்குன்னு பாத்து டாக்டருங்ககிட்ட சொல்லுவோம்."

"மாறினா கெட்டதா?"

"சிலது கெட்டது. சிலது நல்லது."

"வியாதில நல்லதா?"

"இருக்குணா. மருந்துக்கு சீக்கிரம் கேக்கற மாதிரி."

மீஞ்சூர் வந்தது. "எங்க ஏரில நண்டுல கூட அப்டித்தான். ஒரே மாதிரிதான் இருக்கும், ஒண்ணு கடிக்கும், ஒண்ணு கடிக்காது. கைய விட்டாத்தான் தெரியும்" என்றார். பிறகு, "நீ கைய வுட்டு பாரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பொன்னேரியில் இறங்கிப்போனார்.

செவ்வாய்க்கிழமை செல்களை எடுத்துத் தகட்டில் சொட்டுவிட்டேன். புதன்கிழமை சாயம். வியாழக்கிழமை காலையில் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன். குழந்தைகளுக்கு வரும் இந்த வகை ரத்தப் புற்றுநோயில் குரோமோசோம்கள் அழகாகக் கிடைக்காது. ஊறிய வெண்டைக்காய் மாதிரி குண்டாக, மங்கலாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதலில் கிடைத்த செல் சுத்தமான நாற்பத்தாறு. இரண்டாவதும் அப்படியே. அதெல்லாம் பாப்பாவின் நல்ல செல்கள். மூன்றாவதில் பார்த்தவுடனேயே கூட்டம் அதிகமாகத் தெரிந்தது. எண்ணினேன். ஐம்பத்தைந்து. திரும்ப எண்ணினேன். ஐம்பத்தைந்து.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த நோயில் ஐம்பதுக்கு மேலே எண்ணிக்கை போவது நல்ல அறிகுறி. அப்படிப்பட்ட குழந்தைகள் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவார்கள், ஆபத்துக் குறைந்த பிரிவில் வைப்பார்கள். நான் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தேன். ஸ்டூல் பின்னால் விழுந்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார்.

"டாக்டர், அம்பத்தஞ்சு!"

"எது எது கூட இருக்கு?"

"இன்னும் பார்க்கல டாக்டர். ஆனா அம்பத்தஞ்சு!"

"ஸ்டூலை எடுத்துப் போடு. உட்காரு" என்றார். "சில கெட்ட செல்லுங்க பாதிக்குப் பாதி குரோமோசோமைத் தொலைச்சுட்டு இருபத்தெட்டுல வந்து நிக்கும். அப்புறம் பிரியாமலே இரட்டிப்பாயிடும். அப்ப எவ்வளவு?"

"அம்பத்தாறு" என்றேன்.

"அது நல்ல கூட்டம் மாதிரியே வேஷம் போடும். ஆனா இருக்கறதிலேயே மோசமான கூட்டம் அதுதான். எண்ணிக்கையை வச்சு ஒண்ணும் சொல்லாதே."

"ஆனா இது அம்பத்தஞ்சு டாக்டர். இரட்டிச்சா ஒற்றைப்படை வராதே?"

"சொட்டு விடறப்போ ஒண்ணு சிதறிப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்? அடுக்கிப் பாரு. இரட்டிச்சதுன்னா ஒவ்வொண்ணும் இரண்டு இருக்கும், இல்லாட்டி நாலு இருக்கும். மூணு இருக்காது. நிஜமான நல்ல கூட்டம்னா நாலாவது, பத்தாவது, பதினேழாவது இதெல்லாம் மும்மூணா இருக்கும். எனக்கு மூணைக் காட்டு."

அப்போது எங்களிடம் குரோமோசோம் அடுக்கும் கம்ப்யூட்டர் கிடையாது. அந்தச் செல்லைப் புகைப்படம் எடுத்து, பெரிதாக அச்சுப் போட்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, தாளில் ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அறையில் மின்விசிறி போடக் கூடாது, தும்மக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. சென்னை வெயிலில் மின்விசிறி இல்லாமல் ஐம்பத்தைந்து துண்டுகளை வெட்டி அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அந்தப் பாடு.

குட்டியாக இருப்பவற்றை முதலில் பிரித்தேன். இருபத்தொன்றாவது குரோமோசோம். ஒன்று, இரண்டு, மூன்று... நாலு. நாலு! நல்ல கூட்டத்திலும் இருபத்தொன்று நாலு இருப்பதுண்டு, அது எனக்குத் தெரியும். வேஷக் கூட்டத்திலும் நாலு இருக்கும், அதுவும் தெரியும். மேலே போனேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது எல்லாம் இரண்டிரண்டு. நாலாவது குரோமோசோமுக்கு வந்தேன். ஒன்று, இரண்டு. கையில் இருந்த இன்னொன்றின் பட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அதுவும் நாலாவதுதான். மூன்று! பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவதைப் பார்த்தேன். மூன்று. பத்து, மூன்று. எக்ஸ், மூன்று. பதினாலு, பதினெட்டு, எல்லாம் மூன்று. இருக்கையிலேயே கொஞ்சம் ஆடினேன் என்று பக்கத்தில் வேலை செய்த தோழி பிறகு சொன்னாள்.

பதினேழு மட்டும் இரண்டுதான் இருந்தது.

டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார். தாளை ஒட்டுமொத்தமாகப் பார்த்தார். "மொத்தம் எவ்வளவு அடுக்கியிருக்கே?"

எண்ணினேன். ஐம்பத்துநாலு.

"ஒண்ணைக் காணோம்" என்றார்.

மேஜையைத் தேடினேன். கத்தரிக்கோலின் அடியில் பார்த்தேன். பசைப் புட்டியின் மூடியைப் பார்த்தேன். குனிந்து தரையில் தவழ்ந்தேன். தோழியும் தவழ்ந்தாள். நாலு வயதுக் குழந்தையின் பதினேழாவது குரோமோசோமைத் தேடி இரண்டு பெண்கள் மேஜைக்கடியில் முட்டி போட்டுக்கொண்டிருந்தோம். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம். இல்லை. நான் எழுந்து, தோற்றுப்போய், முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

"அசையாதே" என்றார் டாக்டரம்மா.

இடுக்கியை எடுத்து என் முழங்கையருகே கொண்டு வந்தார். வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த நகக்கண் அளவுத் துண்டு ஒன்றை மெல்ல உரித்தெடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளில் பதினேழாவது இடத்தில், மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். அப்படியே பொருந்தியது.

"மூணு" என்றார். பிறகு அவர் சிரித்தார். அடக்க முடியாமல், தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். காகிதத் துண்டுகள் பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், மூச்சு மூக்கு வழியாக வந்து இரண்டு குரோமோசோம்கள் நிஜமாகவே பறந்துபோயின. அதற்கும் சிரித்தோம்.

ஆனால் அவர் ஒரு செல்லை வைத்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. இருபது செல் பார்க்கச் சொன்னார். எட்டில் நாற்பத்தாறு. பன்னிரண்டில் ஐம்பத்தைந்து, பன்னிரண்டிலும் அதே குரோமோசோம்கள்தான் கூடுதல். இருபத்தெட்டு உள்ள செல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தகடு முழுக்கத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அதுவும் போதாது என்று, நாலாவது, பத்தாவது, பதினேழாவது குரோமோசோம்களில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தை வேறு தகடுகளில் போட்டு இரவு முழுக்க வெப்பப் பெட்டியில் வைக்கச் சொன்னார். இந்தச் சோதனைக்குச் செல் பிரிய வேண்டியதில்லை. சும்மா இருக்கும் செல்லிலும் ஒரு குரோமோசோமுக்கு ஒரு புள்ளி என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். கண் பழகியதும் நீலமாக மிதக்கும் செல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளிகள், நாலாவதற்குச் சிவப்பு, பத்தாவதற்குப் பச்சை. சிவப்பு மூன்று, பச்சை மூன்று. அடுத்த செல்லிலும் சிவப்பு மூன்று, பச்சை மூன்று. நடுவில் அங்கங்கே நல்ல செல்கள் இரண்டிரண்டாக. இன்னொரு தகட்டில் பதினேழாவது, அதுவும் மூன்று. இருநூறு செல்கள் பார்க்க வேண்டும். நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். "மூணு, மூணு, மூணு." இருட்டுக்குள் யாரும் இல்லை என்று நினைத்து எழுந்து ஒரு சுற்று ஆடினேன். ஆடும்போது கதவிடுக்கில் நின்றிருந்த டாக்டரம்மா மேல் மோதிக்கொண்டேன்.

"எத்தனை செல் பார்த்தே?" என்றார்.

"நாப்பது, டாக்டர்."

"மீதியைப் பார்த்துட்டு ஆடு."

சனிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் தயாரானது. அதில் குரோமோசோம் விவரமும், கீழே ஒரு வரியும்: நல்ல போக்கைக் காட்டும் மாற்றம். அவ்வளவுதான் நாங்கள் எழுதலாம். எந்தப் பிரிவு என்று வார்டு மருத்துவர்தான் முடிவு செய்வார். வயது, ஆரம்பத்தில் வெள்ளையணுக்கள் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு சீக்கிரம் கட்டுப்படுகிறது, இதெல்லாம் சேர்த்துப் பார்த்து. டாக்டரம்மா உறையை ஒட்டி என்னிடம் கொடுத்து, "அவர் வருவார். கொடுத்துடு. வாயைத் திறக்காதே" என்றார்.

அவர் வந்தார். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு உறையை நீட்டினேன். எங்கேயோ சுவரைப் பார்த்தேன்.

"தங்கச்சி, எப்டி கீது?"

"டாக்டர் சொல்லுவாருணா."

"நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுணா. டாக்டர்கிட்ட குடுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் உதட்டைக் கடித்தேன். கன்னம் இரண்டும் தானாக மேலே ஏறியது. கீழே இழுத்தேன், மறுபடி ஏறியது.

"நீ சிரிக்கற" என்றார் மெதுவாக.

"இல்லணா."

"சிரிக்கற தங்கச்சி. பல்லு தெரியுது."

"எனக்கு பல்லே அப்டித்தான்" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே அவர் யாரிடமோ, "அந்தப் பொண்ணு சிரிச்சுதுபா, எம்மேல சத்தியமா சிரிச்சுது" என்று சொல்லிக்கொண்டே போவது கேட்டது.

அந்த மகிழ்ச்சியை வைத்துக்கொண்டு எனக்கு வீட்டுக்குப் போக முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து நேராக சிப்காட்டுக்குப் போனேன். மில் வாசலில் கம்பி ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஐந்து மணிச் சங்கு ஊதியதும் ஆண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். முகமெல்லாம் இரும்புத் தூளோடு என் வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு? ஊர்ல யாருக்கு இன்னா?"

"அம்பத்தஞ்சு!" என்றேன்.

"இன்னா அம்பத்தஞ்சு? மார்க்கா?"

"பேரு ஊரெல்லாம் கேக்காதீங்க, சொல்லக் கூடாது. ஒரு கொழந்தைக்கு அம்பத்தஞ்சு. எல்லாம் மும்மூணு!"

அவர் கூட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் அவர்களிடம் திரும்பி, மிகவும் பெருமையாக, "அம்பத்தஞ்சாம்பா" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்களுக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு போகும்வரை நான் விளக்கிக்கொண்டே போனேன். பாதி வழியில் அவர், "அப்போ நாப்பத்தாறு இருக்கற நமக்குத்தான் கம்மியா?" என்றார். நான் விழப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் கூடத்துக்குப் போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன், பழ வண்டிக்காரர் குரல், அதற்கு மேல் அவர் குரல்.

"தங்கச்சி! ஆபத்து கம்மியான கூட்டத்துல போட்டுட்டாங்களாம்! ரொம்ப கொடூரமான மருந்தெல்லாம் வோணாமாம். ரெண்டு வருசத்துக்கு மேல மருந்து சாப்புடணுமாம். ஆனா நல்லாயிடுவான்னு டாக்டர் வாயாலயே சொல்லிட்டாரு! நாலு வாரம் கழிச்சு இன்னொரு தபா பாப்பாங்களாம், அது மட்டும் சரியா இருக்கணுமாம்."

"இருக்கும்ணா!" என்று கத்தினேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொன்னேன். டாக்டரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

எல்லா வாரமும் அப்படி இருந்ததில்லை. அதே வாரத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் செல்களில் ஒன்பதும் இருபத்திரண்டும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. அவருக்கு வந்திருந்த வகை நோயில் அது கெட்ட செய்தி. அப்படிப்பட்ட ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம், இந்த வேலையில் நாங்கள் எதையும் மாற்றுவதில்லை, உள்ளதைப் பார்த்து எழுதுகிறோம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதனால்தானோ என்னவோ, நல்லதாக ஒன்றைப் பார்க்கும்போது அப்படித் தலைகால் புரியாமல் போகிறது.

நாலு வாரம் கழித்துப் பாப்பாவின் மஜ்ஜையில் கெட்ட செல் எதுவும் தென்படவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது, முடி கொட்டியது, வாய்ப் புண்ணால் சோறு இறங்காத நாட்கள் இருந்தன, இரண்டு முறை மறுபடி வார்டில் சேர்த்தார்கள். ரயிலில் எப்போதாவது அவரைப் பார்க்கும்போது அதையெல்லாம் சொல்வார். இரண்டரை வருடம் போல ஆனது. ஒரு நாள், "நேத்தோட மாத்திர முடிஞ்சிச்சு தங்கச்சி" என்றார். ரயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் கை தட்டினேன்.

அதற்கும் பிறகு ஒரு காலையில் பொன்னேரி நடைமேடையில் பாப்பாவைப் பார்த்தேன். பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, ரிப்பன். தகப்பனார் எங்கே போனாரோ தெரியவில்லை, அம்மாவின் கையை உதறிவிட்டு, தன்னை விட உயரமான ஒரு பையனிடம் எதற்கோ உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். என்னைப் பார்த்தாள், யாரோ என்று திரும்பிக்கொண்டாள். அவளுக்கு என்னை எப்படித் தெரியும்? அவள் சண்டைதான் அவளுக்கு முக்கியம். ரயில் நகர்ந்தது. நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.